தமிழ் அழைப்பிதழ் வடிவமைப்பும் எழுத்துரு உரிமமும்

தமிழ் அழைப்பிதழ் வடிவமைப்பு என்பது திருமணம், மஞ்சள் நீராட்டு, காதணி விழா, புதுமனை புகுவிழா போன்ற நிகழ்வுகளுக்கான அழைப்பைத் தமிழ் எழுத்துக்களால் அமைத்து அச்சுக்கு ஆயத்தமாக்கும் பணி ஆகும். இப்பணி கணினி எழுத்துருக்களைக் கொண்டு செய்யப்படுகின்றது. எழுத்துரு ஒரு மென்பொருள் என்பதால் அதனைப் பயன்படுத்துவதற்கு உரிமம் வேண்டும். கூலிக்கு அழைப்பிதழ் செய்து கொடுப்பது வணிகப் பயன்பாடு என்பதால், வீட்டில் தமக்கெனச் செய்துகொள்வதற்குப் பொருந்தும் உரிமம் எல்லாம் இதற்குப் பொருந்துவதில்லை. இக்கட்டுரை திருமண அழைப்பிதழை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எழுத்துருவைத் தெரிவதையும் அதன் உரிமத்தைச் சரிபார்ப்பதையும் விளக்குகின்றது.

## அழைப்பிதழில் வரும் சிறப்பு எழுத்துக்கள்

மரபான இந்துத் திருமண அழைப்பிதழ் ஒன்றின் உச்சியில் பிள்ளையார் சுழியும், அதன்கீழ் குலதெய்வத்தின் பெயரும் இடம்பெறும். தொடர்ந்து தமிழ் ஆண்டு, மாதம், நாள், முகூர்த்த நேரம், மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர் ஆகியன வரும். இந்தப் பகுதிகளில் நாளிதழிலோ பாடநூலிலோ அரிதாகவே காணப்படும் சில எழுத்துக்கள் வருகின்றன. ஒரு எழுத்துரு அழைப்பிதழுக்கு ஏற்றதா என்பதை முதலில் இவற்றைத் தட்டெழுதிப் பார்த்தே அறியலாம்.

முதலாவது, நாளைக் குறிக்கும் ௳, மாதத்தைக் குறிக்கும் ௴, ஆண்டைக் குறிக்கும் ௵ ஆகிய குறியீடுகள். இவை 2003 ஆம் ஆண்டில் வெளியான ஒருங்குறி 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டன. எல்லா எழுத்துருக்களிலும் இவற்றிற்கு வடிவம் வரையப்படவில்லை. வடிவம் இல்லாதபோது சில மென்பொருள்கள் வெற்றுக் கட்டத்தைக் காட்டும். வேறு சில, பயனரிடம் சொல்லாமலே கணினியில் உள்ள மற்றொரு எழுத்துருவில் இருந்து அக்குறியீட்டை எடுத்து இடும். இரண்டாவது நிலையே உரிமச் சிக்கலுக்கு இடம் தருவது.

இரண்டாவது, ஸ்ரீ என்னும் எழுத்து. ஒருங்குறியில் இதனை ஸ் என்பதுடன் ரீ சேர்த்தும், 2005 இல் 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶ் என்பதுடன் ரீ சேர்த்தும் எழுத இயலும். ஒரு எழுத்துரு இவற்றுள் ஒன்றை மட்டும் கூட்டெழுத்தாக மாற்றக்கூடும். அப்போது மற்றது இரு தனி எழுத்துக்களாகப் பிரிந்து நிற்கும்.

மூன்றாவது, மணமகளின் பெயருக்கு முன் வரும் சௌபாக்கியவதி என்பதில் உள்ள சௌ. சிலர் இதனைச் செ என்றும் ள என்றும் இரண்டு எழுத்துக்களாகத் தட்டெழுதுகின்றனர். திரையில் வேறுபாடு தெரியாமல் போகலாம். ஆனால் தலைப்பில் எழுத்திடைவெளியைக் கூட்டியதும் ள தனியே விலகிச் சென்றுவிடும். வரி முறியும் இடத்தில் அது அடுத்த வரிக்கே சென்றுவிடக்கூடும்.

## பழைய குறிமுறை எழுத்துருக்கள்

ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து அமைக்கப்பட்டன. இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடையேயும் பரவலாகப் பயன்பட்ட பாமினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாமினியில் அம்மா என்னும் சொல்லைப் பெறக் கணினியில் `mk;kh` என்று சேமிக்கப்படுகின்றது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் `mk;kh` என்றே தெரியும்.

பழைய அலங்கார எழுத்துருக்கள் பல இவ்வகைக் குறிமுறையில் உள்ளதால் அச்சகங்களில் இவை இன்றும் வழக்கில் உள்ளன. இவற்றில் உரிமத்தை அறிவது கடினம். பல கோப்புக்களில் உரிம விவரமே எழுதப்பட்டிருப்பதில்லை. கைமாறி வந்த படிகளில் சில பெயர் மாற்றப்பட்டும் உள்ளன. ஆக்கியவர் யார், எந்த நிபந்தனையில் வெளியிட்டார் என்பது தெரியாத எழுத்துருவை இலவச எழுத்துரு எனக் கொள்ளுதல் பிழையாகும். இணையத்தில் பதிவிறக்கக் கிடைப்பது மட்டும் உரிமம் ஆகாது.

## உரிம வகைகள்

அழைப்பிதழ் வடிவமைப்பாளர் பெரும்பாலும் எதிர்கொள்ளும் உரிமங்கள் மூன்று வகையின.

'''திறந்த எழுத்துரு உரிமம்:''' எஸ்.ஐ.எல். நிறுவனம் உருவாக்கிய இவ்வுரிமத்தின் 1.1 பதிப்பு 2007 இல் வெளியானது. முக்தா மலர், மீரா இனிமை, பவனம், கவிவனார் ஆகிய தமிழ் எழுத்துருக்கள் இதன்கீழ் வெளியானவை. இவற்றுள் பவனம், கவிவனார் இரண்டும் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்தவை. இவ்வுரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கின்றது. எழுத்துருவைக் கொண்டு ஆக்கிய ஆவணம் இதே உரிமத்தில் இருக்க வேண்டியதில்லை என்றும் அது தெளிவாகக் கூறுகின்றது. எனவே அழைப்பிதழை விற்கத் தடை இல்லை. எழுத்துருக் கோப்பைத் தனித்து விற்பதே தடுக்கப்பட்டுள்ளது. எழுத்துருவையே திருத்தி வெளியிட்டால் அது அதே உரிமத்தில் இருக்க வேண்டும். ஆக்கியவர் பெயரை ஒதுக்கி வைத்திருந்தால் திருத்திய எழுத்துருவுக்கு வேறு பெயர் இட வேண்டும்.

'''இயங்குதளத்துடன் வரும் எழுத்துரு:''' விண்டோசுடன் வரும் லதா, நிர்மலா போன்றவை இவ்வகையின. இவற்றைக் கொண்டு வணிக நோக்கில் அச்சிடலாம் என்று மைக்ரோசாப்ட் கூறுகின்றது. ஆனால் பயன்படுத்தும் செயலியே வணிகமற்ற பயன்பாட்டிற்கு மட்டும் என உரிமம் பெற்றதாயின் இது பொருந்தாது. கோப்பைப் படியெடுத்துப் பிறருக்கு வழங்கவும் அனுமதி இல்லை.

'''தனிப்பட்ட பயன்பாட்டிற்கு மட்டும் இலவசம்:''' தன் தங்கையின் திருமணத்திற்கு ஒருவர் தாமே அழைப்பிதழ் செய்துகொள்ளலாம். அதே எழுத்துருவில் வாடிக்கையாளருக்குச் செய்து கூலி பெற்றால் ஆக்கியவரிடம் வணிக உரிமம் வாங்க வேண்டும்.

ஒரே எழுத்துருவின் உரிமமும் காலப்போக்கில் மாறக்கூடும். நோட்டோ எழுத்துருக்கள் முதலில் அப்பாச்சி உரிமத்தில் இருந்து 2015 இல் திறந்த எழுத்துரு உரிமத்திற்கு மாற்றப்பட்டன. ஆகையால் கையில் உள்ள பதிப்புடன் வந்த உரிமத்தையே படிக்க வேண்டும்.

## சரிபார்க்கும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

கோயம்புத்தூரில் வடிவமைப்பாளர் ஒருவர் 500 அழைப்பிதழ்களுக்கான வேலையை ஏற்றுக்கொண்டதாகக் கொள்வோம். மணமக்கள் பெயருக்கு இணையத்தில் கிடைத்த ஒரு அலங்கார எழுத்துருவையும், ஏனைய பகுதிக்கு முக்தா மலரையும் தெரிந்து, லிப்ரெஆபிசில் அமைத்து, கோப்பைப் பி.டி.எப். வடிவில் சேமிக்கின்றார். அதே அமைப்பைப் பின்னர் பெயர் மாற்றிக்கொள்ளத்தக்க வார்ப்புருவாக விற்கவும் எண்ணுகின்றார்.

முதற்படி, கோப்பில் உண்மையில் எந்த எழுத்துருக்கள் உள்ளன என்று காண்பதாகும். பி.டி.எப். படிப்பானின் பண்புகள் பகுதியில் இதனைக் காணலாம். பாப்ளர் கருவித்தொகுப்பு இருப்பின் பின்வரும் கட்டளை போதும்.

```
pdffonts azhaippu.pdf
```

தெரிந்தது இரண்டு எழுத்துருக்கள், பட்டியலில் வந்ததோ மூன்று. மூன்றாவது வரியில் `NirmalaUI` என்னும் பெயர் உள்ளது. தேதி வரியில் இட்ட ௵ குறியீட்டிற்கு, தெரிந்த எழுத்துருவில் வடிவம் இல்லாததால் மென்பொருள் தானே அதனை நிர்மலாவில் இருந்து எடுத்துள்ளது. பெரிதாக்கிப் பார்த்தால் அக்குறியீட்டின் தடிப்பு அருகில் உள்ள எழுத்துக்களுடன் ஒவ்வாமல் இருப்பதும் தெரியும்.

இரண்டாம் படி, ஒவ்வொரு எழுத்துருக் கோப்பின் உள்ளே எழுதப்பட்டிருப்பதைப் படிப்பதாகும். விண்டோசில் கோப்பின் பண்புகளில் ஒரு பகுதி தெரியும். முழுமையாகக் காணப் பான்ட்டூல்சு தொகுப்பின் கட்டளை உதவும்.

```
ttx -t name -t OS/2 thalaippu.ttf
```

இது `thalaippu.ttx` என்னும் உரைக்கோப்பை உருவாக்கும். அதில் `nameID` எண் 0 பதிப்புரிமை அறிவிப்பையும், 13 உரிம விளக்கத்தையும், 14 உரிமத்தின் இணைய முகவரியையும் கொண்டிருக்கும். `fsType` என்பது எழுத்துருவை ஆவணத்தினுள் பொதிப்பதற்கான அனுமதியைக் காட்டும். எல்லாம் சுழியமாயின் பொதிக்கத் தடை இல்லை. `00000000 00000010` என்றிருந்தால் பொதிப்பதற்கு உரிமையாளரின் தனி அனுமதி வேண்டும். `00000000 00000100` என்றிருந்தால் பார்க்கவும் அச்சிடவும் மட்டும் பொதிக்கலாம். வணிகப் பயன்பாடு பற்றி இந்த எண் எதுவும் சொல்வதில்லை. அதனை உரிம வாசகத்தில் மட்டுமே காணலாம்.

இந்த எடுத்துக்காட்டில் அலங்கார எழுத்துருவின் 13 ஆம் எண்ணில் தனிப்பட்ட பயன்பாட்டிற்கு மட்டும் என்று உள்ளது. `fsType` முழுவதும் சுழியமாக இருப்பினும் கூலி வேலைக்கு அது உதவாது. வடிவமைப்பாளர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஆக்கியவருக்கு எழுதி உரிமம் வாங்கலாம், அல்லது வேறு எழுத்துருவுக்கு மாறலாம். நாள் குறைவாயின் கையெழுத்துப் போன்ற சாய்ந்த வடிவுடைய கவிவனாரை இட்டுப் பார்க்கலாம். பெயர்களுக்குச் சுழிகளும் கொடிகளும் வேண்டுமாயின் எழுத்தை வளைகோடாக மாற்றிய பின்னர் கையால் வரைந்து சேர்க்கலாம். அது எழுத்துருவைத் திருத்துவது ஆகாது. ௵ குறியீட்டிற்குப் பதிலாக ஆண்டு என்னும் சொல்லையே எழுதினால் மூன்றாவது எழுத்துரு பட்டியலில் இருந்து நீங்கிவிடும்.

வார்ப்புரு விற்பனை வேறு வகையானது. வாங்குபவர் பெயரை மாற்ற அவருக்கும் எழுத்துரு வேண்டும். திறந்த உரிம எழுத்துருக்களை, அவற்றின் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் வைத்து, வார்ப்புருவுடன் வழங்கலாம். விலைக்கு வாங்கிய எழுத்துருவாயின் அதன் உரிமம் பிறருக்குக் கோப்பை வழங்க இடம் தருகின்றதா என்று தனியே பார்க்க வேண்டும். பெரும்பாலான வணிக உரிமங்கள் இதற்கு இடம் தருவதில்லை.

## அச்சகத்திற்கு அனுப்புதல்

சிவகாசி போன்ற அச்சுத் தொழில் நகரங்களுக்குக் கோப்பை அனுப்பும்போது எழுத்துக்களை வளைகோடுகளாக மாற்றி அனுப்புவது வழக்கம். அச்சகத்தில் எழுத்துரு இல்லாவிடினும் வடிவம் மாறாது என்பதே காரணம். எழுத்துருக் கோப்பைத் தனியே அனுப்ப வேண்டிய தேவையும் இதனால் நீங்குகின்றது. உரிமமுள்ள எழுத்துருவை அச்சகத்திற்குப் படியெடுத்துக் கொடுப்பது வேறொரு பயனருக்கு வழங்குவதாகக் கொள்ளப்படலாம்.

ஆனால் வளைகோடாக மாற்றுவது உரிமக் குறையை நீக்காது. எழுத்துருவைப் பயன்படுத்தியே அவ்வடிவம் பெறப்பட்டது. மேலும், மாற்றிய கோப்பில் `pdffonts` எதனையும் காட்டாது. எழுத்துப் பிழையைத் தட்டெழுதித் திருத்தவும் முடியாது. ஆகையால் எழுத்துருச் சரிபார்ப்பும், இரு வீட்டாரும் பெயர்களைப் படித்து ஒப்புதல் தருவதும் மாற்றத்திற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும். திருத்தத்தக்க மூலக்கோப்பைத் தனியே சேமித்து வைப்பது நன்று.

## சட்ட நிலை

இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொண்டு பாதுகாக்கின்றது. மீறிய படி என்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவதற்கு அச்சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. வணிக ஆதாயத்திற்காக அல்லாதபோது சிறைத் தண்டனை இன்றித் தண்டம் மட்டும் விதிக்க நீதிமன்றத்திற்கு இடம் உண்டு. கூலிக்கு வடிவமைப்பவர் அச்சலுகையை எதிர்பார்க்க இயலாது.

இதனால் ஒவ்வொரு வேலைக்கும் பயன்பட்ட எழுத்துருவின் பெயர், பதிப்பு எண், பெற்ற இடம், பெற்ற நாள், உரிம வாசகத்தின் படி, விலை கொடுத்திருப்பின் பற்றுச்சீட்டு ஆகியவற்றை அந்த வேலையின் கோப்புறையிலேயே வைத்திருப்பது வடிவமைப்பாளருக்குப் பாதுகாப்பாகும். பின்னர் வினா எழுந்தால் அவர் காட்டக்கூடிய சான்று இதுவே.