நூற்ற கைகளை மறந்த விடை

‘ஆங்கில ஆட்சியினால் இந்தியக் கைத்தொழில்களுக்கு ஏற்பட்ட பொருளாதார விளைவுகளை விளக்குக.’ வரலாற்றுத் தேர்வில் நெடுவினாவாக இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். நம் மாணவர் பலரும் எழுதும் விடை ஏறத்தாழ ஒன்றே: ஆங்கிலத் துணி வந்தது, கைத்தொழில்கள் அழிந்தன, தொழிலாளர் நிலத்தை நாடினர். இதில் பொய்யில்லை, ஆயினும் உண்மை பாதிதான் இருக்கிறது. பருத்தித் தொழில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதிப் பாதியைக் காண்போம்.

முதலில் காரணத்தைக் கூறவேண்டும். இந்தியத் துணியின் போட்டிக்கு அஞ்சிய இங்கிலாந்து, 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றித் தன் நெசவை முதலில் காத்துக்கொண்டது. பின்னர் அங்கே நூற்பு எந்திரங்கள் தோன்றின. 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்திய வாணிக ஏகபோகம் நீக்கப்பட்டு, ஆங்கில வணிகர் அனைவருக்கும் இந்நாட்டுச் சந்தை திறந்துவிடப்பட்டது. இங்கு வந்த ஆங்கிலத் துணிக்குத் தீர்வை சொற்பம். அங்கு சென்ற நம் துணிக்கோ பன்மடங்கு மிகுதி. 1814இல் பிரிட்டனுக்குச் சென்ற இந்தியத் துணி ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் உருப்படி. 1835இல் அது மூன்று லட்சமாகச் சுருங்கியது. அதே காலத்தில் இங்கு வந்த ஆங்கிலத் துணி பத்து லட்சம் கெஜத்திற்கும் குறைவாக இருந்து ஐந்து கோடிக்கு மேல் உயர்ந்தது. எந்திரம் மட்டுமே காரணம் என்றால், ஆட்சியின் பங்கு மறைந்துவிடும். எந்திரப் போட்டியிலிருந்து தன் தொழிலைத் தீர்வையால் காத்துக்கொள்ளும் உரிமை அடிமை நாட்டிற்கு இல்லை என்பதே விடையின் நடுநரம்பு.

அடுத்து, எது அழிந்தது, எது நின்றது என்று பிரித்துக் காட்டவேண்டும். ஒரு தறிக்கு வேண்டிய நூலைக் கொடுக்கப் பல பெண்கள் இராட்டையின் முன் அமரவேண்டியிருந்தது. எந்திரத்தின் ஆதாயம் மிகுந்ததும் நூற்பில்தான். எனவே ஆலைநூல் வந்ததும் கைநூல் விலைபோகவில்லை. நெசவின் கதை வேறு. கரையிட்ட சேலைகளையும், ஊருக்கு ஊர் மாறும் வகைகளையும் சிறு அளவில் நெய்வது மான்செஸ்டருக்கு எளிதன்று. மலிவான ஆலைநூலை வாங்கித் தறிகள் பிழைத்தன. 1888இல் கோவையிலும், 1892இல் மதுரையிலும் நூற்பாலைகள் எழுந்தபின், அவற்றின் நூலும் தறிகளுக்குக் கிடைத்தது. ஆனால் நூலுக்கு வணிகரின் முன்பணத்தை எதிர்பார்த்த நெசவாளி, நாளடைவில் கூலிக்கு நெய்பவரானார். பஞ்சக் காலத்தில் அவர் நிலை இன்னும் கொடிது. 1876–78 பஞ்சத்தில் தானிய விலை ஏறவே, துணி வாங்குவோர் அருகினர். தறி இருந்தும் வேலை இல்லை.

இனி, நூற்றவர் யாவர்? தமிழகத்தில் நூற்பு தனியொரு சாதியின் தொழிலாக இருந்ததில்லை. உழவர் குடிப் பெண்களும் நம் சேரிப் பெண்களும், வயலில் வேலை இல்லாத நாட்களில் இராட்டை சுற்றினர். நடவும் அறுவடையும் முடிந்தபின் அடுப்பெரிந்தது அந்தக் காசினால். அக்காசு நின்றபோது, நிலமுள்ள குடிக்கு வருவாயில் ஒரு பகுதி குறைந்தது. நிலமற்ற குடிக்கோ ஆண்டின் பாதி நாட்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் போயிற்று.

இங்குதான் ‘தொழிலாளர் நிலத்தை நாடினர்’ என்னும் வாக்கியத்தை நிறுத்திக் கேட்கவேண்டும்: எவர் நிலத்தை? நம் பாட்டிமார்க்குத் திரும்பிச் செல்ல நிலம் இருந்ததில்லை. பண்ணையாள் கூலியே எஞ்சியது. இலங்கைத் தோட்டங்களுக்கும் பின்னர் மலேயாவுக்கும் கப்பலேறியவருள் நம்மவர் மிகுதி. அதற்குப் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் காரணங்களாயின. நூற்புக்கூலி நின்றதும் அவற்றுடன் சேர்ந்த ஒரு சுமை என்று எழுதுவதே அளவறிந்த விடை.

ஓர் எச்சரிக்கை. நெசவாளரின் எலும்புகள் சமவெளியில் வெளுத்துக் கிடந்தன என்று தலைமை ஆளுநர் பெண்டிங்கு கூறியதாகப் பல நூல்கள் எழுதும். அவர் எழுத்துக்களில் அவ்வாசகத்தை ஆய்வாளர் கண்டெடுக்கவில்லை. அதனை மேற்கோளாகக் காட்டாதிருப்பதே நலம். மேலே கண்ட ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கே போதிய சான்று.

ஆகவே காரணம், நூற்பின் அழிவு, நெசவின் தளர்வு, நிலமற்றோர் நிலை என நான்கு பத்திகளாக விடையை அமைக்குமாறு நம் மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம். நான்காம் பத்தி பல பாடநூல்களில் இராது. அதனை எழுதவேண்டியவர் நாமே.