கரி பிடித்த அமிலம்

1785இல் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் மருந்தாளர் லோவிட்ஸ் தாத்தாரிக் அமிலக் கரைசலை வற்றக் காய்ச்சும்போது அது கபிலமாகிக் கெட்டுப்போகும். மரக்கரித்தூளைப் போட்டுப் பார்த்தார், நிறம் போய்விட்டது. ஏனென்று அவருக்குத் தெரியாது.

எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கைப் பிரபலமாக்கியவர் புரொயின்ட்லிச். 1906இல் அவர் கரைசல்களிலான புறத்துறிஞ்சல் பற்றி எழுதியதில் வரும் சமன்பாடு இது:

x/m = k C^(1/n)

நாங்கள் ஆய்வுகூடத்தில் செய்வதும் இதைத்தான். 50 மில்லிலீற்றர் அசற்றிக் அமிலம், செறிவு 0.100 M, ஒரு கிராம் ஏவப்பட்ட கரி. குலுக்கி, வடித்து, சோடியம் ஐதரொட்சைட்டால் நியமிக்க, மிச்சம் 0.070 M என்று வைப்போம். குறைந்தது 0.0015 மூல், அதாவது கரி பிடித்தது 90 மில்லிகிராம். வடிதாளும் கொஞ்சம் அமிலத்தைப் பிடிக்கும், அதனால் முதலில் வரும் வடிதிரவத்தை ஊற்றிவிட வேண்டும். இல்லையென்றால் கரியின் கணக்கில் தாள் பிடித்ததும் சேர்ந்துவிடும்.

வெவ்வேறு செறிவுகளில் ஐந்தாறு குடுவைகள் செய்து, மடக்கை எடுத்து வரைந்தால் நேர்கோடு வரும். சந்தோஷம்தான். ஆனால் இந்தச் சமன்பாட்டின்படி கரிக்கு வயிறு நிறையவே நிறையாது! 1918இல் லாங்மியூர், மேற்பரப்பில் இடங்கள் எண்ணிக்கையானவை, ஓரிடத்தில் ஒரு மூலக்கூறுதான் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு சமன்பாட்டைத் தந்தார். அதில் எல்லை உண்டு. சிக்கல் என்னவென்றால், குறுகிய செறிவு வீச்சில் எங்கள் அதே புள்ளிகள் அவருடைய கோட்டிலும் அநேகமாக நேராகவே விழும். யார் சரியென்று பார்க்க, இன்னும் செறிந்த அமிலத்தில் இரண்டு குடுவை கூடச் செய்ய வேண்டும். கரி நிறையத் தொடங்கினால், மடக்கை வரைபில் அந்தப் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே வளையும்.