கொரட்டூர் ஏன் பொருந்துவதில்லை: தமிழ் யூனிகோடு இயல்பாக்கமும் அதன் எல்லையும்

சென்னையின் மேற்குப் புறநகர் ஊர்ப்பெயர்கள் அடங்கிய இரண்டு பட்டியல்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் வெவ்வேறு இடங்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. ஒரு நிரலைக் கொண்டு ஒப்பிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு எல்லாம் பொருந்திவிடுகின்றன. கொரட்டூர், நொளம்பூர், போரூர் மட்டும் இரண்டு பட்டியலிலும் இருந்தும் ‘இல்லை’ என்றே வருகின்றன. எழுத்துப்பிழையால் இப்படி நேர்ந்திருந்தால் விடுபடும் பெயர்கள் எங்கும் சிதறிக் கிடக்கும். இங்கோ விடுபட்டவை அனைத்திலும் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. கோளாறு எங்கே என்பதற்கு இந்த ஒழுங்கே முதல் தடயம்.

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடு இரண்டு வகையில் சேமிக்க இடம் தருகிறது. முதல் வகையில் ககரத்தை (U+0B95) அடுத்து ஒகரக் குறி (U+0BCA) ஒரே குறியெண்ணாக நிற்கும். இரண்டாம் வகையில் ககரத்தை அடுத்து ஒற்றைக்கொம்பும் (U+0BC6) காலும் (U+0BBE) தனித்தனியே நிற்கும். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ‘கொரட்டூர்’ முதல் வகையில் 9 குறியெண்; இரண்டாம் வகையில் 10. யூடிஎஃப்-8 முறையில் 27 பைட்டு ஒன்று, 30 பைட்டு மற்றொன்று. பைட்டைப் பார்த்து ஒப்பிடும் நிரலுக்கு அவை இரண்டு வேறு ஊர்கள்.

பிரிந்த வடிவம் தவறான வடிவம் அல்ல. ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ‘ஔ’ என்னும் உயிரெழுத்து ஆகிய நான்குக்கும் சேர்ந்த வடிவமும் பிரிந்த வடிவமும் சமம் என்று யூனிகோடே விதித்திருக்கிறது. கொம்பு, மெய், கால் என்று அச்சில் தெரியும் வரிசையில் தட்டிய பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றித் தரும் நிரல்களிலிருந்து பிரிந்த வடிவம் வரலாம். ஆப்பிளின் பழைய HFS+ கோப்பு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்தே வைத்தது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 முறையில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் ஒரே குறியெண் என்பதால் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. ஆனால் அது பரவவில்லை. நாம் தேடும் தரவெல்லாம் யூனிகோடில்தான் இருக்கிறது.

நான்குக்கும் தீர்வு NFC எனப்படும் இயல்பாக்கம். அது சமமான வடிவங்களைச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும்:

```python
import unicodedata
a = "\u0b95\u0bca"
b = "\u0b95\u0bc6\u0bbe"
n = lambda s: unicodedata.normalize("NFC", s)
print(a == b)        # False
print(n(a) == n(b))  # True
```

சேமித்த தரவை மட்டும் இயல்பாக்கிவிட்டுத் தேடுசொல்லை விட்டுவிட்டால் பழைய கோளாறு மறுபக்கத்திலிருந்து திரும்பும். இயல்பாக்கிய இரண்டு துண்டுகளை ஒட்டினால் கிடைக்கும் சரம் இயல்பானதாக இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. முதல் துண்டு கொம்பில் முடிந்து அடுத்தது காலில் தொடங்கினால், ஒட்டிய பிறகு மீண்டும் இயல்பாக்க வேண்டும்.

NFC போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அதை நான் மறுக்கிறேன். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் ஸ்ரீபெரும்புதூர். முதலெழுத்தை ஸகரத்தாலும் (U+0BB8) தொடங்கலாம், 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ஶகரத்தாலும் (U+0BB6) தொடங்கலாம். இரண்டையும் பல எழுத்துருக்கள் ஒரே கூட்டெழுத்தாகவே காட்டுகின்றன. யூனிகோடுக்கோ அவை வெவ்வேறு மெய்கள். இயல்பாக்க விதிகளை மாற்றுவதில்லை என்ற நிலைப்புக் கொள்கை இருப்பதால், அவை இனியும் சமமாகப் போவதில்லை. ‘கௌரி’ தெருவும் அப்படித்தான். கொம்பும் ளகரமும் தட்டிய ‘கெளரி’யை NFC தொடாது, அதில் இருப்பது ஔகாரத்தின் நீட்டக் குறி (U+0BD7) அல்ல, முழு ளகரம் (U+0BB3).

இவற்றை மூலத் தரவிலேயே திருத்திவிடலாமே என்ற யோசனை ஆபத்தானது. கொம்பை அடுத்து வரும் ளகரத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ இரண்டும் சிதையும். ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் விட்டுவிடு என்று விதியைச் சுருக்கினால் அவ்விரண்டும் தப்பும். அப்போதும் அது ஊகமே. சமம் என்பது அங்கே யூனிகோடின் தீர்ப்பு அல்ல, நம்முடையது. ஆகவே மூலத்துக்கு NFC மட்டும் போதும். ஸ்ரீ, ஔகாரம் போன்றவற்றை ஒன்றாக்கும் விதிகள் தேடலுக்கென்று தனியாக வைத்த திறவுச்சொல்லில் மட்டும் இயங்க வேண்டும். பூந்தமல்லிக்கும் பூவிருந்தவல்லிக்கும் எந்தக் குறியெண் விதியும் உதவாது. அதற்கு மாற்றுப்பெயர்ப் பட்டியல்தான் வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் NFC செய்வதும் விளைவில்லாத வேலை அல்ல. தனித்துவம் கோரும் புலத்தில் இதுவரை அருகருகே இருந்த இரண்டு ‘கொரட்டூர்’ பதிவுகள் திடீரென மோதும். அவை ஒரே பதிவின் இரட்டிப்பா, இரண்டு உண்மைப் பதிவுகளா என்பதை ஆள் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் முதலில் நகலில் ஓட்டி, மாறும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் படிப்பது நல்லது. மின்கையொப்பம் இட்ட ஆவணங்களை எந்நிலையிலும் இயல்பாக்கக் கூடாது. ஓர் எழுத்தின் பைட்டு மாறினாலும் கையொப்பம் செல்லாமல் போகும். அவற்றுக்கும் திறவுச்சொல்லை வெளியே வைத்தே தேட வேண்டும்.