தேதி சொல்லாத வானொலிப் பேச்சு: கரிசல் மானாவாரியில் விதைப்பு நாளும் பயிர்த் தேர்வும்

வானொலி சொல்லி உழவர் விதைத்ததற்குத் தமிழ்நாட்டில் நல்ல சான்று ஏ.டி.டி. 27 நெல். திருச்சி வானொலி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டு 1960களில் தஞ்சைப் பகுதியில் அந்த இரகம் பரவிய வேகத்தில், மக்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். இரகத்தின் பெயர், நாற்று விடும் நாள், உர அளவு ஆகிய மூன்றையும் தெளிவாகச் சொன்னால் போதும் என்ற நம்பிக்கை வேளாண் பேச்சு எழுதுவோரிடம் வேரூன்றியதற்கு அந்த வெற்றியும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் அது ஆற்றுப் பாசன வெற்றி. மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கும் என்ற வழக்கத்தை ஒட்டி அங்கே குறுவைக்கு நாள் குறிக்க முடிந்தது. அதே அச்சில் வார்த்த பேச்சைக் கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் மானாவாரிக்கு வாசித்தால், கேட்பவருக்கு உதவியை விடக் கேடே மிகுதி. அங்கே தண்ணீர் திறந்துவிட ஆள் இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும் என்பது பல ஆண்டுகளின் சராசரி. எந்த ஓர் ஆண்டுக்கும் அது வாக்குறுதி ஆகாது. 2016இல் தமிழ்நாட்டில் இந்தப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலோ காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அந்த வட்டாரத்தின் ஓராண்டு மழையையும் தாண்டிய அளவு அது.

ஆகவே கரிசலுக்கான பேச்சு தேதியை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கையில் எடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். மண் எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது? இன்றைக்கு முளைத்தால் ஈரம் இன்னும் எத்தனை நாள் நிற்கும்? முதல் கேள்வி விதைப்பைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது பயிரை.

முதல் கேள்விக்குக் கரிசலில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ள விடை, பருவமழைக்கு முந்திய விதைப்பு. செப்டம்பர் நடுவில், புழுதி காய்ந்திருக்கும்போதே சோள விதையை ஐந்து செ.மீ. ஆழத்தில் போட்டுவிடுகிறார்கள். இதன் சூட்சுமம் ஆழத்தில் இருக்கிறது. புரட்டாசி இடிமழை பத்து மி.மீ. பெய்தால் மேல்மண் மட்டும் நனைந்து, இரண்டு வெயிலில் காய்ந்துவிடும். இரண்டு செ.மீ. ஆழத்தில் கிடக்கும் விதை அந்த ஈரத்தில் முளைவிட்டுப் பிறகு கருகும். ஐந்து செ.மீ. ஆழத்தில் இருப்பதற்கு அந்த மழை எட்டாது. இருபது மி.மீ.க்கு மேல் ஒரே மூச்சில் பெய்தால்தான் அது முளைக்கும். அவ்வளவு மழை பெய்தபின் இளம்பயிர் சில நாள் தாங்கும். ஏமாற்று மழைக்கும் உண்மையான தொடக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை விதையே கண்டுகொள்ளும்படி செய்த ஏற்பாடு இது.

பேச்சில் இந்தக் காரணத்தைச் சொல்லாமல் ‘ஐந்து செ.மீ. ஆழத்தில் விதைக்கவும்’ என்று மட்டும் வாசித்தால், அது பத்தோடு பதினொன்றாகக் காற்றில் போகும். விதையைக் கடினப்படுத்தும் முறைக்கும் இது பொருந்தும். லிட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த நீரில் சோள விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்துகிறார்கள். முளைத்தபின் வரும் வறட்சியைத் தாங்கவே இந்த வேலை என்று தெரிந்தவர்தான் வெயிலில் காயப்போட்டு அதைக் கெடுக்காமல் இருப்பார்.

முறையின் எல்லையையும் மறைக்கக் கூடாது. மழை மூன்று நான்கு வாரம் தள்ளிப்போனால் புழுதியில் கிடக்கும் விதையை எறும்பும் எலியும் தின்றுவிடும். அதனால்தான் மானாவாரியில் ஏக்கருக்கு ஆறு கிலோ சோள விதை, இறவையில் நான்கு கிலோ. கம்பு போன்ற சிறு விதைகளை அந்த ஆழத்தில் போட்டால் முளை மண்ணை முட்டி மேலே வரத் திணறும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கைப் போட்டே காட்டலாம். ஆழமான கரிசல் நிலம் ஒன்று. மழை டிசம்பர் 15 வாக்கில் ஓய்கிறது, மண்ணில் சேர்ந்த ஈரம் அதன்பின் ஐந்து வாரம் பயிரைத் தாங்குகிறது என்று கொள்வோம். ஈரம் ஜனவரி 20 வரை. அக்டோபர் 20 அன்று விதை முளைத்தால் கையில் இருப்பது 92 நாள். சுமார் 95 நாள் சோளம் அதற்குள் ஏறத்தாழ அடங்கும். டிசம்பர் 20ஐ ஒட்டிப் பூத்து, ஈரம் இருக்கும்போதே மணி பிடித்துவிடும்.

அதே நிலத்தில் முதல் நல்ல மழை நவம்பர் 15 அன்றுதான் வந்தது என்றால் மிச்சம் 66 நாள். அப்போது சோளம் விதைத்தால் தட்டை நன்றாகவே வளரும். பார்ப்பவருக்குக் குறை தெரியாது. ஆனால் கதிர் வெளிவரும் நேரத்தில் ஈரம் தீர்ந்து, மணி சுருங்கிப் பதராகும். தாமதமாக விதைத்த சோளத்தைக் குருத்து ஈ கூடுதலாகத் தாக்கும் என்பது இன்னொரு இடி. 65 முதல் 70 நாளில் விளையும் உளுந்தும் பாசிப்பயறும் அந்த 66 நாளுக்குப் பொருந்துகின்றன. பயிர் மாற்றம் என்பது இந்தக் கழித்தல் கணக்குதான். மழையின் மொத்த அளவு குறையாவிட்டாலும், தொடக்கம் 26 நாள் தள்ளிப்போனதே பயிரை மாற்றிவிடுகிறது. ‘மழை சராசரியாகப் பெய்தது’ என்ற புள்ளிவிவரம் உழவருக்கு உதவாமல் போவது இங்கேதான்.

செவல் நிலத்தில் அந்த ஐந்து வாரத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகையால் பேச்சு எந்த மண்ணுக்கானது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

குறுகிய காலப் பயிர் எப்போதும் பாதுகாப்பு என்று நினைப்பதும் சரியல்ல. அக்டோபர் தொடக்கத்திலேயே முளைத்த உளுந்து டிசம்பர் நடுவில் காய் முற்றி நிற்கும். 2023 போல அந்த நேரத்தில் கொட்டினால் நெற்றிலேயே விதை முளைத்துவிடும். மழை முந்தினால் நீண்ட பயிர், பிந்தினால் குறுகிய பயிர் என்ற வரிசைக்கு இதுவும் ஒரு காரணம்.

பத்து நிமிடப் பேச்சில் இதற்கெல்லாம் இடம் உண்டா? மூன்று இரகம், ஐந்து உரம், நான்கு மருந்து என்று அடுக்குவதைக் கைவிட்டால் உண்டு. எழுத்துப்படி இப்படி அமையலாம்: ‘இது ஆழமான கரிசல் நிலத்துக்கான பேச்சு. மழை விட்ட மறுநாள் காலையில் மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அடியில் எடுத்த மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறதா? நின்றால், தை முதல் வாரம் வரை எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணுக்குள் விளையும் பயிரைத்தான் விதைக்க வேண்டும்.’ மில்லிமீட்டரும் இல்லை, ஆங்கில மாதமும் இல்லை. கேட்பவர் வயலில் நின்று செய்து பார்க்கக்கூடியது.

ஒலிபரப்பும் நேரம் இன்னொரு சிக்கல். நவம்பர் நடுவில் ‘உளுந்துக்கு மாறுங்கள்’ என்று சொன்னால், அதற்குள் சோளத்துக்கோ மக்காச்சோளத்துக்கோ கடன் வாங்கி விதையும் உரமும் எடுத்தவர் என்ன செய்வார்? தாமத மழையின்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பயறு விதை தேடுவதால் கடையில் விலையும் ஏறும். எனவே இப்பேச்சின் முதல் பகுதி ஆவணியிலேயே ஒலிக்க வேண்டும்: சோள விதையோடு, ஏக்கருக்கு எட்டு கிலோ கணக்கில் கொஞ்ச நிலத்துக்காவது உளுந்து விதையைத் தனியே எடுத்து வையுங்கள், விதைப்பதற்கு ஒரு வாரம் முன் நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள், எழுபத்தைந்துக்குக் கீழ் முளைத்தால் விதையை மாற்றுங்கள்.