காலையில் பதநீர், மதியம் கள்... சில மணி நேரத்தில் மாறுவது எப்படி? கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன்?

கோடை வந்தாச்சு. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் போனால் சாலையோரம் பனை ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார்கள். அதே பனையில், அதே பாளையில் இருந்து இறங்குவதுதான் கள்ளும். இரண்டுக்கும் இடையில் இருப்பது கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு மட்டும்தான். அந்தச் சுண்ணாம்பு அப்படி என்னதான் செய்கிறது?

பாளையில் இருந்து சொட்டுவது என்ன?

பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவிவிட்டால் சாறு சொட்டுச் சொட்டாக வடியும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு லிட்டரில் சுமார் 110 கிராம் சர்க்கரை இருக்கும். புளிப்பு கிடையாது. இனிப்பு, ஈரம், கோடை வெப்பம் மூன்றும் சேர்ந்த இந்தச் சாறு நுண்ணுயிர்களுக்கு விருந்து மாதிரி.

அந்த நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? காற்று, பாளையை மொய்க்கும் ஈ, தேனீ, சீவும் அரிவாள் என எல்லாவற்றிலும் இருக்கின்றன. அதிகமாக இருப்பது பழைய கலயத்தில்தான். மண் கலயத்தின் நுண்ணிய துளைகளுக்குள் முந்தைய நாள் சாறும் ஈஸ்ட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் தண்ணீரில் கழுவினால் அது போகாது.

ஒரே இரவில் என்ன நடக்கும்?

மாலை 5 மணிக்குச் சுண்ணாம்பு இல்லாத கலயத்தைக் கட்டிவிட்டு, காலை 6 மணிக்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 13 மணி நேரம். முதலில் பாக்டீரியாக்கள் சர்க்கரையில் கொஞ்சத்தை அமிலமாக்குகின்றன. சாறு லேசாகப் புளிக்கிறது. ஈஸ்ட்டுக்கு அந்தப் புளிப்பு ஒரு தடையே இல்லை. அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடு வாயுவையும் வெளியேற்றுகிறது. கலயத்தில் நுரை பொங்குவது அந்த வாயுவால்தான். இன்னும் நேரம் போனால் வேறு பாக்டீரியாக்கள் ஆல்கஹாலையே வினிகராக்கிவிடும்.

இதில் தொழிலாளிக்கு என்ன நஷ்டம்?

கள்ளில் ஆல்கஹால் 4 சதவீதத்தை எட்டினால், ஒரு லிட்டருக்குச் சுமார் 60 கிராம் சர்க்கரை காலியாகியிருக்கும். அதாவது பாதிக்கு மேல் போச்சு. மீதமிருப்பதைக் காய்ச்சினாலும் கருப்பட்டி கிடைக்காது. கருப்பட்டி இறுகுவதற்கு சுக்ரோஸ் என்ற சர்க்கரை உடையாமல் இருக்க வேண்டும். ஈஸ்ட் அதை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைத்துவிடுகிறது. அதனால் பாகு எவ்வளவு கொதித்தாலும் பிசுபிசுவென்றே நிற்கும். மரம் ஏறிய உழைப்பும் எரித்த விறகும் வீண்.

சட்டச் சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது.

சுண்ணாம்பு எப்படித் தடுக்கிறது?

நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்து கலயத்தின் உள்ளே தடவுவார்கள். சொட்டும் சாறு அதில் கலந்ததும் கடுமையான காரத்தன்மைக்கு மாறும். அந்த நிலையில் ஈஸ்ட்டாலும் பாக்டீரியாவாலும் பெருக முடியாது. கலயத்தின் துளைகளில் ஒளிந்திருக்கும் ஈஸ்ட்டையும் சுண்ணாம்பு அடக்குகிறது. முதல் சொட்டு விழும்போதே காவல் இருக்க வேண்டும் என்பதால்தான் கலயம் கட்டுவதற்கு முன்பே தடவுகிறார்கள். புளித்த பிறகு சுண்ணாம்பு போட்டால் புளிப்பு குறையலாம், போன சர்க்கரை திரும்பி வராது.

அளவும் முக்கியம். குறைவாகத் தடவினால் உருவாகும் அமிலமே சுண்ணாம்பைத் தீர்த்துவிடும், பிறகு நொதித்தல் தொடங்கிவிடும். அதிகமானால் குடிக்கும்போது நாக்கு எரியும், கருப்பட்டியும் கறுத்துக் கசக்கும். அதனால்தான் இறக்கிய பதநீரைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் வடிகட்டி எடுக்கிறார்கள்.

நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல பதநீர் தெளிவாக இருக்கும், நுரைக்காது. பால் போல வெளுத்து, நுரைத்து, புளிப்பு வாடை அடித்து, நாக்கில் சுருக்கென்று பட்டால் அது கள்ளாக மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டும் பார்க்கலாம். சுண்ணாம்பின் காரம் இருந்தால் சிவக்கும். மஞ்சளாகவே இருந்தால் காரம் போய்விட்டது, இனி சீக்கிரம் புளிக்கும்.

வீட்டுக்கு வாங்கி வந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து அன்றே குடித்துவிடுங்கள். குளிர் நொதித்தலை மெதுவாக்கும், ஆனால் நிறுத்தாது. பாட்டிலை இறுக்கி மூடி வெயிலில் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து மூடியே தெறித்துவிடும்.