பாம்பு விரட்டிப் பொடிக்குக் கொடுக்கும் காசு வீண்: வாசற்கதவின் கீழ் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள்

மழை தொடங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாம்பு விரட்டிப் பொடி தேடும் ஆட்கள் கூடிவிடுவார்கள். கால்வாய்க் கரையில் கீழ்வீட்டில் இருப்பவர்கள் தங்களுக்காக வாங்குவார்கள். வேறு சிலர் வன்னியில் மீளக்குடியேறிய அம்மாவுக்கோ அக்காவுக்கோ பஸ்ஸில் கொடுத்தனுப்ப வாங்குவார்கள். பல ஆண்டுகள் ஆளில்லாமல் பற்றை மூடிக் கிடந்த வளவில் தகரக் கொட்டில் போட்டு, நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குப் பாம்பு உண்மையான பயம். அந்தப் பயத்துக்குப் பொடி பதிலாகுமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பவை கந்தகமும் நப்தலீனும். அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையும் இதே நப்தலீன்தான். மணம் நமக்கு மூக்கைத் துளைப்பதால் பாம்புக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் பாம்பு மணத்தைப் பிடிப்பது முக்கியமாக நாக்கால். நாக்கை நீட்டி, காற்றிலும் தரையிலும் உள்ள துகள்களை எடுத்து, மேல்வாயில் உள்ள ஓர் உறுப்பில் வைத்துப் பார்க்கிறது. அது தேடுவது எலி, தவளை, பல்லி போன்ற இரையின் தடத்தையும் தன் இனத்தின் தடத்தையும். கந்தகம் அதற்கு ஆபத்தின் அடையாளம் அல்ல.

இது ஊகம் அல்ல. 1980களில் அமெரிக்காவில் சாரைப்பாம்பு வகையொன்றை வைத்து நப்தலீன், கந்தகம் உட்படப் பல பொருட்களைச் சோதித்தார்கள். பாம்புகள் எல்லாவற்றையும் கடந்து போயின. பின்னர் இந்த இரண்டையும் கலந்து விற்கப்பட்ட பொடியையும் சோதித்தார்கள். அதுவும் பாம்புகளைத் தடுக்கவில்லை. கறுவா, கராம்பு எண்ணெய்களை நேரே பாம்பின் மேல் தெளித்தால் அது துடித்து ஓடும் என்பது உண்மை. ஆனால் வீட்டைச் சுற்றிக் கோடு போடுவது வேறு விடயம். போட்ட கோட்டையும் கொழும்பு மழை ஒரே நாளில் கானுக்குள் கொண்டுபோய்விடும்.

நப்தலீனால் ஆபத்தும் உண்டு. இனிப்பு என்று நினைத்துக் குழந்தை ஓர் உருண்டையை விழுங்கினால் சிவப்பு இரத்தக் கலங்கள் உடைந்து போகலாம். பிறவியிலேயே ஜீ6பீடீ என்ற நொதியம் குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இது உயிராபத்து.

செடிகளின் கதையும் இதுதான். சிறியாநங்கை நட்டால் பாம்பு வராது, ஆகாசகருடன் கிழங்கை வாசலில் கட்டினால் வராது என்பார்கள். வேரோடி நிற்கும் செடியின் மணத்துக்குப் பாம்பு விலகுவதாக எந்தச் சோதனையும் காட்டவில்லை. அடர்த்தியாக வளர்ந்த செடியின் அடியில் நிழலும் ஈரமும் தவளையும் இருக்கும். விரட்ட நட்ட செடி ஒளிவிடமாகிவிடும்.

ஒன்லைனில் விற்கும் ஒலிக்கருவிகள் இரண்டு வகை. மனிதக் காதுக்கே எட்டாத, 20,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை எழுப்புவது ஒன்று. பாம்புக்கு வெளிக்காது இல்லை. அதன் கேட்டல் சில நூறு ஹேர்ட்ஸ் அளவான தாழ்ந்த ஒலிகளோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே அந்தக் கருவி அதற்கு ஊமை. மற்றது நிலத்தில் குத்தி அதிரவைப்பது. அதிர்வைப் பாம்பு உணரும். ஆனால் உணர்வதும் ஓடுவதும் ஒன்றல்ல. அவுஸ்திரேலியாவில் 2023இல் வெளியான ஆய்வொன்றில் 19 பாம்புகளுக்குத் தாழ்ந்த ஒலியைக் கேட்கச் செய்தார்கள். சில இனங்கள் விலகின. ஒரு மலைப்பாம்பு இனம் ஒலியை நோக்கியே நகர்ந்தது. நாள் முழுதும் பஸ்ஸும் ரயிலும் அதிரவைக்கும் காலி வீதிப் பக்கத்திலும் பாம்பு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் பொடி போட்ட பிறகு பாம்பு வரவில்லை என்று ஏன் பலர் சொல்கிறார்கள்? பாம்பு வீட்டுக்குள் வருவதே அரிது. பொடி போடாத அயல்வீட்டுக்கும் அந்த மூன்று வருடமும் அது வந்திராது.

பாம்பு வருவதற்குக் காரணம் இரண்டு: இரை, ஒளிவிடம். வருவதற்கு வழி ஒன்று: இடைவெளி. கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் பின்முற்றமும் கானும் உள்ள பழைய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் எலி. சுவரோரம் கறுத்த எண்ணெய்ப் பிசுக்குக் கோடும் அரிசிமணி போன்ற எச்சமும் இருந்தால் அது எலியின் பாதை. அரிசி மூட்டையை மூடியுள்ள பீப்பாவுக்கு மாற்றுங்கள். குப்பையை இரவில் வெளியே விடாதீர்கள். பூனைக்கு வைத்த சோற்றை எடுத்துவிடுங்கள்.

அடுத்து பின்கதவு. மூடிய கதவின் கீழ் ஒரு பென்சிலைத் தள்ளிப் பாருங்கள். பென்சில் போனால் குட்டிப்பாம்பும் போகும். கதவின் அடியில் றப்பர் பட்டி அடித்தால் போதும். குசினிக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். அதைச் சீமெந்தால் அடையுங்கள். கான் வாய்க்கும் காற்றுத் துவாரத்துக்கும் கால் அங்குலத்துக்கு, அதாவது 6 மில்லிமீற்றருக்கு, மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை போடுங்கள். நுளம்பு நைலோன் வலையை எலி கடித்துவிடும்.

கடைசியாக முற்றம். அடுக்கிய ஓடு, பலகை, பழைய தகரம் எல்லாவற்றையும் அகற்றுங்கள். முடியாவிட்டால் சுவரிலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தையும் யன்னலைத் தொடும் கிளைகளையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் பாம்பே வராது என்று யாரும் உறுதி தர முடியாது. பல்லி பிடிக்க வரும் ஓநாய்ப் பாம்பு சொரசொரப்பான சுவரில் ஏறும். அது மனிதருக்கு ஆபத்தில்லாதது. கட்டுவிரியன் என்று நினைத்து அதை அடிப்பவர்கள் அதிகம். ஓநாய்ப் பாம்பின் வெள்ளைப் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாக இருந்து வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனில் வால்பக்கம்தான் தெளிவு. சந்தேகம் இருந்தால் இரண்டையும் நெருங்க வேண்டாம்.

இனி வன்னி வீட்டுக்கு வருவோம். அங்கே தகரத்துக்கும் மண்சுவருக்கும் இடையில் எல்லா இடைவெளியையும் அடைக்க முடியாது. உலர்வலயத்துக் கட்டுவிரியன், சிங்களத்தில் கரவலா, இரவில் வீட்டுக்குள் வந்து நிலத்தில் தூங்குபவரைக் கடிக்கும் பாம்பு. ஆகவே அங்கே முதற்காவல் கட்டிலும் நுளம்புவலையும். கட்டில் இல்லாவிட்டாலும் வலையின் விளிம்பைப் பாயின் கீழ் சுற்றிவரச் செருகிவிட வேண்டும். நேபாளத்தில் செய்த ஆய்வொன்றும் வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவு என்று கண்டது. இரவில் வெளியே போகக் கையில் ரோச் லைட் வேண்டும்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. நிலத்தில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும்பி, கண்ணிமை தொங்கி, விழுங்கக் கஷ்டப்பட்டால் கடி அடையாளம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கட்டவோ கீறவோ வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் பொதி அனுப்பும்போது பொடியை விட்டுவிட்டு ஒரு நுளம்புவலையும் ஒரு ரோச் லைட்டும் வையுங்கள்.