உரக்கடைக்காரர் வைத்திருந்த கணக்கு

போன வாரம் பக்கத்து வயல் அண்ணன் பேங்கிலிருந்து வந்தார். கிசான் கார்டு ரினிவல் முடிஞ்சுதாம். லிமிட் ஒன்றரை லட்சம், அன்னைக்கே முழுசும் எடுத்துட்டாராம். "இப்ப என்னண்ணே செலவு, நாத்தங்காலே போடலையே?"ன்னு கேட்டேன். "செலவு ஒண்ணுமில்லப்பா. எடுத்து வச்சுக்கிட்டேன். விட்டா அப்புறம் தருவானோ மாட்டானோ" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தாலும் அது அவருடைய அப்பா, தாத்தா காலத்து வாக்கியம். அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

சின்ன வயசில் அப்பா கூட உரக்கடைக்குப் போவேன். கடைக்காரர் மேசை மேல ஒரு பேங்க் நோட்டு இருக்கும். சாயங்காலம் கல்லாவில் சேர்ந்த பணத்தை மறுநாள் கணக்கில் கட்டிவிடுவார். லாரி வரும்போது அதே கணக்கிலிருந்து செக் போடுவார். அதுக்கு சிசி கணக்குன்னு பேர் என்பது ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. கணக்கில் எவ்வளவு கடன் நிக்குதோ, எத்தனை நாள் நிக்குதோ, அதுக்கு மட்டும் வட்டி. அப்பாவுக்கு அப்படி எதுவும் கிடையாது. சங்கத்தில் பயிர்க்கடன். ஒரு பங்கு ரொக்கம், ஒரு பங்கு உர மூட்டை. வாங்கின நாளிலிருந்து கட்டுற நாள் வரைக்கும் முழுத் தொகைக்கும் வட்டி ஓடும். நடுவில் கையில் காசு வந்தாலும் போய்க் கட்டமாட்டார். கட்டினா அது போனதுதான், அடுத்த கடனுக்கு மறுபடி மனு, சிட்டா, அடங்கல், ஜாமீன், செயலாளர் முன்னாடி காத்திருப்பு.

ஒரே ஊரில் ஒரே வயலை நம்பிப் பிழைக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு விதக் கடன். உரக்கடைக்காரர் வைத்திருந்த மாதிரிக் கணக்கு ரொம்பப் பழசு. 1728-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, வில்லியம் ஹாக் என்ற வியாபாரிக்கு அவர் கணக்கில் இருப்பதைவிட 1,000 பவுண்டு வரைக்கும் கூடுதலாக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. எடுத்ததுக்கு மட்டும் வட்டி, கொண்டுவந்து போட்டா குறையும். சரக்கு வித்த காசு வர்றதுக்குள்ள பாக்கி கொடுக்க வேண்டிய வியாபாரியின் கஷ்டத்துக்காக வந்த ஏற்பாடு. வெதச்சதுக்கும் அறுத்ததுக்கும் நடுவில் நாலு மாசம் நிக்கிறவனுக்கும் அதே கஷ்டம்தான். ஆனா நம்ம பக்கம் அந்தக் கணக்கு வர 270 வருஷம் ஆச்சு.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷமே சென்னை மாகாணத்தில் திரூரில், இப்போ திருவள்ளூர் மாவட்டம், சங்கம் தொடங்கினாங்க. ஐம்பது வருஷம் ஓடின பிறகு 1951-52-ல் அகில இந்திய அளவில் கிராமக் கடன் கணக்கெடுப்பு எடுத்தாங்க. விவசாயி வாங்கின 100 ரூபாய் கடனில் கூட்டுறவு கொடுத்தது ஏறக்குறைய 3 ரூபாய். வணிக வங்கி கொடுத்தது 1 ரூபாய்கூட இல்லை. வட்டிக்கு விடுறவங்க கொடுத்தது 70 ரூபாய் அளவுக்கு. 1969-ல் 14 வங்கிகளை தேசியமயமாக்கின பிறகுதான் பேங்க் மேனேஜர் கிராமத்துக்கு ஜீப்பில் வர ஆரம்பிச்சார். கடன் கிடைச்சுது, சரி. ஆனா அதன் உருவம் மாறலை. ஒரு பயிருக்கு ஒரு கடன், ஒரு மனு, ஒரு தவணைத் தேதி.

உருவம் மாறினது 1998-ல். வணிக வங்கிகள் கொடுக்கும் வேளாண் கடனை எளிமையாக்க ஆர்.வி. குப்தா தலைமையில் ஒரு குழு போட்டிருந்தாங்க. அதையொட்டி அந்த வருஷ பட்ஜெட்டில் யஷ்வந்த் சின்ஹா கிசான் கடன் அட்டையை அறிவித்தார். நபார்டு மாதிரித் திட்டம் தயார் பண்ணி ஆகஸ்டில் வங்கிகளுக்கு அனுப்பிச்சுது. அப்போ அது பேருக்குத்தான் அட்டை. கையில் கொடுத்தது போட்டோ ஒட்டின அட்டையும் பாஸ்புக்கும். ஆனா உள்ளே இருந்தது உரக்கடைக்காரரின் கணக்கு. லிமிட்டுக்குள்ள எத்தனை தடவை வேணாலும் எடுக்கலாம், கட்டலாம், மறுபடி எடுக்கலாம். எடுத்த ஒவ்வொரு தொகையும் 12 மாசத்துக்குள்ள திரும்பினா போதும். முதலில் 3 வருஷத்துக்கு லிமிட். 2012-ல் டி.எம். பாசின் குழு சொன்னபடி திருத்தினபோது 5 வருஷம் ஆச்சு, ஏடிஎம்மில் எடுக்கிற ரூபே கார்டும் வந்தது.

வட்டி தனிக் கதை. 2006-07 முதல் 3 லட்சம் வரைக்கும் பயிர்க்கடன் 7 சதவீதம். ஒழுங்காகத் தேதிக்குள் கட்டுறவங்களுக்குச் சலுகை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, 2011-12-ல் 3 சதவீதமாச்சு. அதனாலதான் "4 வட்டிக் கடன்"னு நாம சொல்றது. கணக்கில் முதலில் 7 பிடிப்பாங்க, 3 அப்புறம் திரும்ப வரும். தேதி தப்பினா அந்த 3 கிடையாது.

இனி என் கணக்குக்கு வர்றேன். எனக்கும் லிமிட் ஒன்றரை லட்சம். 3 ஏக்கர், போர் தண்ணீர், குறுவையும் சம்பாவும். சுலபமாப் புரியறதுக்காகத் தேதியை எல்லாம் மாசத்தின் முதல் நாளுக்குத் தள்ளிச் சொல்றேன்.

ஜூனில் உழவு, விதை, நடவுக்கு 40,000 எடுத்தேன். ஜூலையில் களை, மேலுரத்துக்கு 20,000. செப்டம்பரில் அறுப்பு மிஷினுக்கும் மூட்டைக் கூலிக்கும் 15,000. நிலுவை 75,000. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் அக்டோபரில் 75,000-ஐயும் கட்டிட்டேன். அக்டோபர் முழுக்கக் கடன் பூஜ்யம். நவம்பரில் சம்பாவுக்கு 50,000, டிசம்பரில் 20,000, பிப்ரவரியில் அறுப்புக்கு 10,000. மார்ச்சில் 80,000 கட்டி முடிச்சேன்.

எந்த மாசம் எவ்வளவு நின்னுதோ அதை எல்லாம் கூட்டினா 5,05,000 வருது. அதாவது 5,05,000 ரூபாய்க்கு ஒரு மாச வட்டி எவ்வளவோ, அதுதான் என் வருஷ வட்டி. 7 சதவீதத்தில் 2,946 ரூபாய். 3 சதவீதம் திரும்பி வந்த பிறகு 1,683.

அண்ணன் கணக்கில் 1,50,000 பன்னிரண்டு மாசம் நிக்கும். 7 சதவீதத்தில் 10,500, சலுகை போக 6,000. இன்னொண்ணும் கவனிங்க. நான் வருஷத்தில் எடுத்தது மொத்தம் 1,55,000. லிமிட்டைவிட 5,000 அதிகம். ஆனா ஒரு நாள்கூடக் கடன் 80,000-ஐத் தாண்டலை. ஒரே காசு ரெண்டு போகத்துக்கு உழைச்சிருக்கு.

இதைவிடப் பெரிய வித்தியாசம் வருஷக் கடைசியில் தெரியும். எடுத்த எந்தத் தொகையும் 12 மாசத்துக்கு மேல நிக்கக்கூடாது என்பதுதான் விதி. கணக்கை ஒரு நாள் பூஜ்யமாக்கியே ஆகணும்னு 2012 திட்டத்தில் இல்லை, தேவையில்லைன்னே எழுதியிருக்கு. ஆனா முதல் நாளே மொத்தமா எடுத்தவருக்கு மொத்தத் தொகைக்கும் ஒரே நாளில் 12 மாசம் முடியும். அன்னைக்கு முழு ஒன்றரை லட்சத்தோட போய் நிக்கணும். கையில் இருக்காது. எங்க ஊரில் அதுக்குன்னே ஆள் இருக்கு. காலையில் கொடுப்பார், கட்டி, மறுநாள் திரும்ப எடுத்ததும் கவுண்டர் வாசல்லயே வாங்கிக்குவார். நூத்துக்கு ஒரு ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு 1,500. என் ஒரு வருஷ வட்டி கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அப்போ ஏன் எல்லாரும் சுழற்றுறதில்லை? அண்ணன் பயம் பொய்யில்லை. நானும் பட்டிருக்கேன். பல வருஷம் முன்னாடி நெல் வித்த கையோட கடனைக் கட்டினேன். ரெண்டு மாசம் கழிச்சு எடுக்கப் போனா, "அது க்ளோஸ் ஆயிடுச்சே, புதுசா அப்ளிகேஷன் கொடுங்க"ன்னாங்க. திட்டம் சுழல்கடன், கிளையில் அதை நடத்தின விதம் பழைய பயிர்க்கடன். அன்னைக்குக் கற்ற ஒரு சோதனையைச் சொல்றேன். லிமிட்டில் பாதி கடன் நிக்கும்போது ஒரு ஆயிரம் ரூபாய் கட்டிப் பாருங்க. இன்னும் எடுக்கக்கூடிய தொகை ஆயிரம் கூடினா அது சுழல் கணக்கு. கடன் மட்டும் குறைஞ்சு, எடுக்கக்கூடிய தொகை அப்படியே இருந்தா மேனேஜரைப் பார்த்துப் பேசிட்டு அப்புறம் பெரிய தொகையைக் கட்டுங்க.

இன்னொரு காரணம் தள்ளுபடி. 2008-ல் மத்திய அரசு தள்ளுபடி செஞ்சப்போ, 2007 டிசம்பர் 31 அன்னைக்குத் தவணை தப்பி நின்ன கடன்தான் கணக்கு. அறுத்தவுடனே கட்டினவனுக்கு ஒண்ணுமில்லை. அந்த ஞாபகம் எங்க ஊரில் இன்னும் போகலை. "கட்டினவன் ஏமாளி"ன்னு டீக்கடையில் இப்பவும் சொல்றாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா அடுத்த தள்ளுபடி எந்தத் தேதியில் வரும்னு தெரியாமல் வருஷா வருஷம் 4,000 ரூபாய்க்கு மேல கூடுதல் வட்டி கட்டிக் காத்திருக்கிறது எனக்குச் சரிவரலை.

சுழற்றுறவங்க தவறுகிற இடம் ஒண்ணு இருக்கு. நெல்லுப் பணம் சேமிப்புக் கணக்கில்தான் விழும், கார்டு கணக்கில் இல்லை. நாமதான் மாத்தணும். ஒரு வாரம் தள்ளினா கல்யாண மொய், பைக் தவணைன்னு கரைஞ்சிடும். நான் பணம் விழுந்த மெசேஜ் வந்த அன்னைக்கே போயிடுவேன். கட்டும்போது அதுவரை பிடிச்ச வட்டியையும் சேர்த்துக் கட்டிடுவேன். லிமிட் முழுக்க எடுத்து வச்சிருந்தா அந்த வட்டி ஏறினாலே கணக்கு லிமிட்டைத் தாண்டிடும்.

கரும்புக்காரங்களுக்கும் மானாவாரி ஒரு போகக்காரங்களுக்கும் இவ்வளவு மிச்சமாகாது. நடுவில் வரவு இல்லாதப்போ சுழற்ற என்ன இருக்கு? அவங்களுக்கு இருக்கிற ஒரே வழி, தேவைப்படுற அன்னைக்கு மட்டும் எடுக்கிறது. சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தேதிக்குள் கட்டினா நம்ம மாநிலத்தில் வட்டியே இல்லை என்பதால், அங்கே வாங்குறவங்களுக்கு இந்தக் கணக்கே வேண்டியதில்லை.

அண்ணன்கிட்ட இதை எல்லாம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஒன்றரை லட்சத்துல ஒரு லட்சத்தைத் திரும்பப் போட்டுட்டா, ஆடியில கேட்டா தருவானா?" என்றார். முதலில் ஆயிரம் போட்டுப் பார்ப்போம்னு சொன்னேன். திங்கட்கிழமை ரெண்டு பேரும் போறோம்.